ஒன்பது மார்க் வாங்கினால் வீட்டுக்குப் போகலாமா?

"ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது" என்று டாக்டர் வெளியே வந்து சொன்னதும் வராந்தாவில் காத்திருக்கும் உறவினர்கள் சாமி படத்தை நோக்கிக் கும்பிடுகிறார்கள். யாரோ ஒருவர் காபி வாங்கி வர ஓடுகிறார். கவலை தீர்ந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

ஆனால் முழு மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு மனிதனுக்கு அபாயமான நேரங்களில் ஒன்று அப்போதுதான் ஆரம்பிக்கிறது. ஆபரேஷன் மேஜையில் இருந்தவரை அவன் தலைமாட்டிலேயே மயக்க டாக்டர் உட்கார்ந்திருந்தார். அவன் மூச்சை அவரே கவனித்தார். இப்போது அந்த டாக்டர் அடுத்த கேஸுக்குப் போய்விடுவார். நோயாளியோ பாதி தூக்கம், பாதி விழிப்பு. நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கலாம். தசைகளைத் தளர்த்தக் கொடுத்த மருந்து முழுவதும் இறங்காமல் இருக்கலாம். வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போகலாம்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து டாக்டர்கள் மயக்க மருந்தை ஒட்டி நேர்ந்த மரணங்களை வருஷக்கணக்கில் ஆராய்ந்து 1947-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிந்திய முதல் 24 மணி நேரத்தில் நேர்ந்த மரணங்களில் கிட்டத்தட்டப் பாதியைத் தடுத்திருக்கலாம் என்றது அது. மயக்கம் தெளியும்வரை நோயாளியைத் தனி அறையில் வைத்துக் கண் கொட்டாமல் பார்க்கும் வழக்கம் அதற்குப் பிறகுதான் வேகமாகப் பரவியது. தெளிவு அறை என்றும் ரிக்கவரி ரூம் என்றும் சொல்வது அதைத்தான்.

சரி, அந்த அறையிலிருந்து நோயாளியை எப்போது வெளியே அனுப்புவது? "பார்த்தால் நன்றாகத்தான் தெரிகிறார்" என்று நர்ஸ் சொன்னால் போதுமா? போதாது என்பதற்காகத்தான் ஒரு மார்க் சீட்டு வந்தது. திருப்பூரைப் போன்ற, காலையில் ஆபரேஷன் செய்துகொண்டு மறுநாள் ஷிப்டுக்குப் போக நினைக்கிற ஜனங்கள் நிறைந்த ஊரில், அந்தச் சீட்டைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

ஐந்து பாடம், பத்து மார்க்

1953-ல் வர்ஜீனியா ஆப்கார் என்ற அம்மையார், பிறந்த குழந்தையின் நிலையை 10 மார்க்கில் அளக்கும் முறையை வெளியிட்டார். அதே யோசனையை மயக்கம் தெளிகிறவர்களுக்குப் பயன்படுத்தி, 1970-ல் ஆல்டிரெட் என்ற மயக்க டாக்டரும் குரோலிக் என்ற சக ஊழியரும் ஒரு சீட்டை அமைத்தார்கள். உலகம் முழுவதும் இன்றைக்கும் நடைமுறையில் இருப்பது அதன் திருத்திய வடிவம்தான்.

அதில் ஐந்து பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மார்க். கை கால் அசைவு முதலாவது. சொன்னபடி நான்கையும் அசைத்தால் 2, இரண்டை மட்டும் அசைத்தால் 1. இரண்டாவது சுவாசம். ஆழமாக மூச்சிழுத்து நன்றாக இருமினால் 2, மேலோட்டமான மூச்சானால் 1. மூன்றாவது இரத்த அழுத்தம், நான்காவது நினைவு. ஐந்தாவது, உடம்பில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்பது. 9 மார்க் வந்தால் தெளிவு அறையை விட்டு வார்டுக்குப் போகலாம் என்பது பொதுவான விதி.

ஐந்தாவது பாடம் 1970-ல் வேறு மாதிரி இருந்தது. அப்போது விரலில் மாட்டும் கிளிப் கிடையாது. தோலின் நிறத்தைப் பார்த்து மார்க் போட்டார்கள். செவ்வையாக இருந்தால் 2, வெளிறியிருந்தால் 1, நீலம் பாரித்தால் 0. வெள்ளைக்காரர் உடம்புக்கு அது சரி. நம்முடைய மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அது எப்படிச் சரிப்படும்? உதட்டையும் நாக்கையும் நகத்தையும் பார்க்கவேண்டும். சாயப்பட்டறைத் தொழிலாளி என்றால் நகத்தையும் நம்ப முடியாது. அவர் நகம் ஆபரேஷனுக்கு முன்பே நீலமாகத்தான் இருக்கும்!

1995-ல் ஆல்டிரெட்டே அந்தப் பாடத்தை மாற்றி எழுதினார். நிறத்துக்குப் பதிலாகக் கிளிப் காட்டும் எண் வந்தது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தே 92 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 2. பிராணவாயு கொடுத்தால்தான் 90-க்கு மேல் நிற்கிறது என்றால் 1. கொடுத்தும் 90-க்குக் கீழே என்றால் 0.

அந்தக் கிளிப்புக்கும் ஒரு கண் கோளாறு உண்டு. அது விரலின் ஊடே ஒளியைச் செலுத்தி அளக்கிறது. கருநீல நகப்பூச்சு இருந்தால் கணக்குத் தப்பலாம். சாயம் ஏறிய விரலானால் காது மடலில் மாட்டிப் பார்ப்பது விவேகம். மேலும், கறுத்த தோல் உள்ளவர்களுக்கு அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், கிளிப் நல்ல எண்ணைக் காட்டியபோதும் இரத்தத்தில் பிராணவாயு குறைந்திருந்த சம்பவம், வெள்ளையரைவிடக் கறுப்பருக்கு ஏறக்குறைய 3 மடங்கு அதிகமாக இருந்தது. ஆகவே நம் ஊர் நோயாளிக்கு 93 என்று வந்ததும் திருப்தியாகத் தலையாட்டிவிடக் கூடாது.

ஒரு கட்டிங் மாஸ்டரின் மார்க் சீட்டு

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வயது 42. முதுகின் மேல்பக்கத்தில் பெரிய கொழுப்புக் கட்டி. குப்புறப் படுக்க வைத்து எடுக்கவேண்டும் என்பதால், தொண்டையில் குழாய் போட்டு முழு மயக்கம் கொடுக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன் அவருடைய மேல் இரத்த அழுத்தம் 150.

காலை 10.20-க்குத் தெளிவு அறைக்கு வருகிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கிறார், மறுபடி மூடிக்கொள்கிறார். நினைவு 1. கை இரண்டையும் அசைக்கிறார், காலை அசைக்கவில்லை. அசைவு 1. மூச்சு மேலோட்டம். அதற்கும் 1. முகமூடி வழியாகப் பிராணவாயு போகிறது, கிளிப் 97 காட்டுகிறது. 97 என்பது பிரமாதமான எண்தான். ஆனாலும் முகமூடியோடு வந்த எண், ஆகையால் 1.

இரத்த அழுத்தம் 116. "அடடா, அச்சான நார்மல்!" என்று யாரும் சொல்வார்கள். சீட்டு அப்படிச் சொல்லாது. பொதுவாக மனிதர்களுக்கு எவ்வளவு இருக்கவேண்டும் என்று அது கேட்பதில்லை. இந்த மனிதருக்கு முன்பு எவ்வளவு இருந்தது என்று கேட்கிறது. 150-ல் 20 சதவீதம் 30. அதாவது 120 முதல் 180 வரை இருந்தால்தான் 2. 116 என்பது அவருக்கு இறக்கம். மார்க் 1. ஆபரேஷனுக்கு முன் எடுத்த அளவைச் சீட்டின் தலையில் எழுதாமல் விட்டுவிட்டால் இந்தப் பாடத்துக்கு அர்த்தமே இல்லை. ஆகவே இந்தச் சீட்டை நிரப்பும் வேலை, நோயாளியைத் தியேட்டருக்குத் தள்ளிச் செல்வதற்கு முன்பே ஆரம்பமாகிறது.

மொத்தம் 5. பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்கிறார்கள். கால்களும் அசைகின்றன, அழுத்தம் 124. மொத்தம் 7. 10.50-க்கு முழுத் தெளிவு. பேரைச் சொல்கிறார், ஊரைச் சொல்கிறார், நன்றாக இருமுகிறார். மொத்தம் 9. "நல்லாத்தானுங்க இருக்கேன் சிஸ்டர், வெளிய போகட்டுங்களா?" என்கிறார்.

விதிப்படி 9 வந்துவிட்டது. ஆனால் குறையும் அந்த 1 மார்க் எங்கே குறைகிறது? பிராணவாயுவில். கெட்டிக்கார நர்ஸ் முகமூடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறாள். சில நிமிஷத்தில் 97 என்பது 91 ஆகிறது. அவரை நிமிர்த்தி உட்கார வைக்கிறாள். ஆழமாக மூச்சு இழுக்கச் சொல்கிறாள், இருமச் சொல்கிறாள். 11.10-க்கு, முகமூடி இல்லாமலே 95. இப்போது மார்க் 10.

முகமூடியைக் கழற்றிப் பார்க்கவேண்டிய அவசியம் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். மூச்சு மந்தமானாலும், பிராணவாயு தாராளமாகப் போய்க்கொண்டிருந்தால் கிளிப்பின் எண் வெகுநேரம் இறங்காது. உள்ளே கரியமில வாயு தேங்கித் தேங்கி மனிதனை மறுபடி மயக்கத்தில் ஆழ்த்திக்கொண்டிருக்கும். வெளியே 98 என்று எண் சிரித்துக்கொண்டிருக்கும். முகமூடி நோயாளிக்கு நன்மை செய்கிறது, அதே சமயம் காவல்காரன் கண்ணையும் கட்டுகிறது. அதனால்தான் மூச்சை எண்ணவேண்டும் என்கிறேன். மார்பு ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை எழும்புகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்ப்பதற்கு எந்த மெஷினும் ஈடாகாது.

கதை இன்னும் முடியவில்லை. 10 மார்க் வாங்கிய மாஸ்டர், "முதுகு தீயா எரியுதுங்க" என்கிறார். 11.15-க்கு நரம்பில் வலி மருந்து, அபின் வகையைச் சேர்ந்தது, போடப்படுகிறது. 11.25-க்கு அவர் நன்றாகத் தூங்குகிறார். கூப்பிட்டால் விழிக்கிறார். நினைவு 1. மூச்சு நிமிஷத்துக்கு 8 தடவைதான், அதுவும் மேலோட்டம். சுவாசம் 1. பதினைந்து நிமிஷத்துக்கு முன் 10 வாங்கியவருக்கு இப்போது 8!

பள்ளிக்கூடத்தில் வாங்கிய மார்க்கை யாரும் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை. இந்தப் பரீட்சையில் எடுத்துக்கொள்வார்கள். வலி இருக்கும்வரை வலியே மனிதனைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. வலி போனதும், உடம்பில் பாக்கியிருந்த மயக்க மருந்தும் புது மருந்தும் சேர்ந்து அவனைக் கீழே இழுக்கின்றன. ஆகவே இப்படிப்பட்ட ஊசி போட்டால் கடிகாரத்தை மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓட்டவேண்டும். அரைமணி நேரமாவது அங்கேயே வைத்திருக்கவேண்டும். பல ஆஸ்பத்திரிகளில் இது விதியாகவே உண்டு. 11.55-க்கு மாஸ்டருக்கு மறுபடி 10. அப்போது அனுப்பினார்கள். அவரை 11.10-க்கே வார்டுக்குத் தள்ளி, அங்கே ஊசியைப் போட்டிருந்தால்? இருபது படுக்கைக்கு ஒரு நர்ஸ் இருக்கும் இடத்தில், அந்த நிமிஷத்துக்கு 8 மூச்சை யார் எண்ணியிருப்பார்கள்?

எட்டு போதாது

சில இடங்களில் 8 வந்தாலே போதும் என்று வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த கேஸ் காத்திருக்கிறது, படுக்கை காலியாக வேண்டும் என்பது காரணம். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பாடத்தில் 9 வாங்கியவர் எதிலும் முட்டை வாங்கியிருக்க முடியாது. எங்கோ ஓர் இடத்தில் ஒரு மார்க் குறைவு, அவ்வளவுதான். ஆனால் 8 வாங்கியவர் நான்கு பாடத்தில் முழு மார்க்கும் ஐந்தாவதில் முட்டையும் வாங்கியிருக்கலாம். கை கால் அசைகிறது, இருமுகிறார், அழுத்தம் சரி, பேச்சு தெளிவு. ஆனால் நுரையீரலின் ஒரு பகுதி அடைபட்டு, முகமூடி போட்டும் பிராணவாயு 90-க்குக் கீழே. கூட்டினால் 8! அந்த மனிதரை வார்டுக்கு அனுப்பலாமா? ஒரு மார்க் வித்தியாசம்தானே என்று சொல்லக் கூடாது. 9 என்ற வரம்பு முட்டையை வாசலில் நிறுத்துகிறது. 8 அதை உள்ளே விட்டுவிடுகிறது. அப்படியும் 8-ல் அனுப்பத்தான் வேண்டும் என்றால், மயக்க டாக்டர் வந்து பார்த்து, காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

9 வாங்கியவரிடமும் சீட்டுக்குத் தெரியாத சங்கதிகள் உண்டு. தசைத் தளர்வு மருந்து கொஞ்சம் பாக்கியிருந்தாலும் கையும் காலும் அசையும். அசைந்தால் 2 மார்க். தொண்டைத் தசைகளோ கடைசியில்தான் பழைய பலத்துக்கு வரும். தலையை 5 விநாடி தூக்கிக் காட்டச் சொல்வது பழைய சோதனை. அதிலே தேறியவர்களுக்கும் தொண்டை பலவீனமாக இருந்திருக்கிறது. மணிக்கட்டில் நரம்பை நான்கு தடவை தட்டி, கட்டை விரல் துடிப்பை அளக்கும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. நாலாவது துடிப்பு முதல் துடிப்பில் பத்தில் ஒன்பது பங்காவது இருந்தால்தான் மருந்து இறங்கியதாக அர்த்தம். தொண்டையிலிருந்து குழாயை எடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

நினைவுப் பாடத்தில் நம் ஊருக்கே உரிய சங்கடம் ஒன்றும் உண்டு. "உங்க பேர் என்ன? எந்த ஊர்?" என்று நர்ஸ் தமிழில் கேட்கிறாள். படுத்திருப்பவர் ஒடிசாவிலிருந்து வந்து மூன்று மாதமாக ஓவர்லாக் மெஷின் ஓட்டும் பையன். பதில் வரவில்லை. மருந்தா, பாஷையா? எந்த மார்க் போடுவது? நல்ல முறை ஒன்று இருக்கிறது. மயக்கம் கொடுக்கும் முன்பே, அவனுக்குத் தெரிந்த பாஷையில் இரண்டு கேள்வி கேட்டு, அவன் எப்படிப் பதில் சொல்கிறான் என்று பார்த்து வைத்துக்கொள்வது. தெளிந்தபின் அதே கேள்வி, அதே பதில். இரத்த அழுத்தத்துக்கு முன் அளவு வேண்டும் என்றால் புத்திக்கும் வேண்டும் அல்லவா? அவனோடு வந்த சிநேகிதனை இரண்டு நிமிஷம் உள்ளே கூப்பிட்டுப் பேசவிட்டாலும் தப்பில்லை.

வேறு வாசல், வேறு சீட்டு

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆல்டிரெட் சீட்டில் 9 வாங்கினால் வீட்டுக்குப் போகலாமா? கூடாது. அந்தச் சீட்டு தெளிவு அறையிலிருந்து வார்டுக்குப் போகும் வாசலுக்கு உரியது. காயத்தில் இரத்தம் கசிகிறதா என்று அது கேட்கவில்லை. வாந்தி வருகிறதா, வலி எவ்வளவு, எழுந்து நடக்க முடிகிறதா, எதையும் கேட்கவில்லை. பத்துக்குப் பத்து வாங்கியவரின் கட்டுக்குள் இரத்தம் ஊறிக்கொண்டிருக்கலாம்.

வீட்டு வாசலுக்கு வேறு சீட்டு உண்டு. கனடாவில் டொரான்டோ நகரத்து மயக்க டாக்டர் பிரான்செஸ் சுங் அம்மையாரும் அவருடைய குழுவினரும் 1990-களில் அமைத்தது. அதிலும் ஐந்து பாடம், 10 மார்க், தேற 9. ஆனால் பாடங்கள் வேறு: நாடியும் இரத்த அழுத்தமும், நடை, குமட்டல், வலி, இரத்தக் கசிவு.

நம் கட்டிங் மாஸ்டரை மாலை 2.30-க்கு இந்தச் சீட்டில் பார்ப்போம். நாடியும் அழுத்தமும் சரி, 2. எழுந்து நின்றதும் தலை சுற்றுகிறது, கையைப் பிடிக்கவேண்டியிருக்கிறது, நடை 1. ஒரு தடவை வாந்தி எடுத்து ஊசி போட்டார்கள், 1. வலி மாத்திரைக்கே அடங்குகிறது, 2. கட்டு நனைந்து ஒரு தடவை மாற்றினார்கள், 1. மொத்தம் 7. காலையில் 10 வாங்கிய அதே மனிதர்! மாலை 4.30-க்குத் தானாக நடக்கிறார், இட்லி சாப்பிட்டு வயிற்றில் தங்குகிறது. கசிவுக்கு மட்டும் ஒரு மார்க் குறைத்து 9. ஆபரேஷன் செய்த டாக்டர் வந்து கட்டைப் பார்த்த பிறகு போகலாம்.

சிறுநீர் கழித்தாக வேண்டும், காபி குடித்தாக வேண்டும் என்று முன்பெல்லாம் எல்லோரையும் கட்டாயப்படுத்தினார்கள். இப்போது அந்தக் கட்டாயம் பொதுவாக இல்லை. குடலிறக்கம், மூலம் போன்ற ஆபரேஷன் ஆனவர்கள், முதுகுத் தண்டில் ஊசி போட்டவர்கள் ஆகியோருக்குச் சிறுநீர் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. மற்றவர்களைத் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று வற்புறுத்தினால் வாந்திதான் மிச்சம்.

கூட வருவது யார்?

9 மார்க் வாங்கியும் போகக் கூடாத ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. கூட்டிப் போக ஆள் இல்லாவிட்டால் போகக் கூடாது. அமெரிக்க மயக்க டாக்டர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல், சிறுநீர்க் கட்டாயத்தைத் தளர்த்திய அதே ஏட்டில், பொறுப்புள்ள ஒருவர் கூடவே வீட்டுக்குப் போகவேண்டும் என்பதை மட்டும் தளர்த்தவில்லை.

இந்த விதியை எழுதியவர்கள் மனைவி மக்களோடு வாழும் குடும்பஸ்தனை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள். திருப்பூரில் பாதிப்பேர் அப்படி இருக்கிறார்களா? ஒரே அறையில் ஐந்து வாலிபர்கள். இரண்டு பேர் பகல், மூன்று பேர் ராத்திரி. ஹாஸ்டலில் தங்கிச் செக்கிங் வேலை செய்யும் பெண்ணுக்கு வார்டன் அம்மாள்தான் சொந்தம். "கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்ற கேள்விக்கு, ஆட்டோக்காரர் வாசலில் நிற்கிறார் என்று பதில் வருகிறது. ஆட்டோக்காரர் அறை வாசலோடு திரும்பிவிடுவார். ராத்திரி 11 மணிக்குக் கட்டு நனைந்தால் அதைப் பார்க்க அவர் அங்கே இருக்க மாட்டார்.

அப்படிப்பட்டவர்களை ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. ஒரு நாள் படுக்கைச் செலவு கூடும்தான். ஆளே இல்லாத இடத்தில் கையெழுத்துக்காக மட்டும் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவதைவிட அது மேல். ஹாஸ்டல்காரர்களும் கம்பெனிக்காரர்களும் மனம் வைத்தால் அந்தச் செலவும் தேவைப்படாது. ஒரு தொழிலாளிக்கு ஒரு ராத்திரி லீவு கொடுத்துத் துணைக்கு அனுப்பினால் போதும்.

மறுநாள் விஷயம் இன்னும் சங்கடமானது. முழு மயக்கத்துக்குப் பிறகு 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, மெஷின் தொடக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, மது கூடவே கூடாது. அதே சுங் அம்மையாரின் குழுவினர் 2005-ல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. ஆபரேஷன் ஆனவர்களைப் பொய்க் கார் ஒன்றில் உட்காரவைத்து ஓட்டச் சொன்னார்கள். 2 மணி நேரம் கழித்து ஓட்டியபோது சுறுசுறுப்பும் கவனமும் குறைந்திருந்தன. 24 மணி நேரம் கழித்து ஓட்டியபோது மற்றவர்களைப் போலவே ஓட்டினார்கள்.

இனி நம் மாஸ்டரின் கணக்கைப் பாருங்கள். ஆபரேஷன் முடிந்தது காலை 10.20. ஷிப்டு ஆரம்பம் மறுநாள் காலை 8.30. 22 மணி நேரம்தான் ஆகிறது. அவர் பிடிக்கும் மெஷினில் நேர் கத்தி மேலும் கீழும் பறந்துகொண்டே துணி அடுக்கை அறுக்கிறது. அதற்கு நூலும் விரலும் ஒன்றுதான். "எனக்கு ஒண்ணும் ஆகலைங்க, முதுகுல தையல்தானே, கை நல்லாத்தானே இருக்குது" என்று அவர் புறப்படுவார். கப்பலேற்றும் தேதி நெருங்கினால் கம்பெனியும் போன் பண்ணும். பீஸ் ரேட்டில் இருப்பவனுக்கு, போகாத நாள் சம்பளம் இல்லாத நாள். சனிக்கிழமை வாங்கும் கூலியில் அது பளிச்சென்று தெரியும்.

இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். 1948-ம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டம், நோயில் படுத்தவனுக்குப் பணம் கொடுக்க ஏற்பாடு செய்தது. ஆனால் நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை, மூன்றாம் நாளிலிருந்துதான் என்று வைத்தது. லேசான தலைவலிக்கெல்லாம் சீட்டு வாங்குவார்கள் என்ற பயம் காரணமாக இருக்கலாம். ஒரே நாளில் முடியும் ஆபரேஷன்கள் அந்தக் காலத்தில் எவ்வளவு இருந்தன? இன்றைக்கு மயக்க மருந்து உடம்பில் இருக்கிற நாளும், மறுநாளும் அந்த இரண்டு நாளிலேயே சரியாக வந்து விழுகின்றன. எந்த நாளில் வேலைக்குப் போவது மிகவும் ஆபத்தோ, அந்த நாளில்தான் பணம் இல்லை!

சட்டத்தைத் திருத்துவது சர்க்கார் காரியம். அதற்குமுன் கம்பெனிகள் செய்யக் கூடியது ஒன்று உண்டு. முழு மயக்கம் கொடுக்கப்பட்ட தொழிலாளிக்கு மறுநாள் ஒரு ஷிப்டுக் கூலியைக் கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்லலாம். தப்பி அறுபடும் ஒரு விரலுக்குக் கொடுக்கும் நஷ்ட ஈட்டோடு ஒப்பிட்டால் இது கொசுறு.

ஆஸ்பத்திரிகளும் ஒரு வரி சேர்க்கலாம். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் "24 மணி நேரம் ஓய்வு" என்று பொதுவாக அச்சடித்திருப்பதை யாரும் படிப்பதில்லை. அதற்குப் பதிலாக, நாளும் மணியும் போட்டு எழுதிக் கொடுங்கள்: "நாளை காலை 10.20 வரை வண்டி ஓட்டக் கூடாது, மெஷின் தொடக் கூடாது. நாளைய ஷிப்டுக்கு வரமாட்டார்." தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று. அதைத் தொழிலாளி தன் சூப்பர்வைசரிடம் காட்ட முடியும். போன் பண்ணுகிறவருக்கும் டாக்டர் எழுதிய மணிக் கணக்கையே பதிலாகச் சொல்ல முடியும்.